ஆடாமல் இருந்தவரின் ரேட்டிங்கை எவ்வளவு நம்புவது? ஃபிடே தகுதிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் தகுதிக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டில் சிறிய ஊர்களில் நடக்கும் ஓபன் செஸ் போட்டிகளில் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, வேலை செய்பவன் நான். போட்டி முடிந்ததும் ரேட்டிங் அறிக்கை தயாரித்து அனுப்புவது என் வேலை. வந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் சண்டைக்கு வருபவர்களுக்குப் பதில் சொல்வதும் என் வேலைதான். அந்தச் சண்டைகளில் பாதிக்கும் மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "சார், அந்தப் பையன் ரெண்டு வருஷமா ஆடவே இல்ல. அவன் ரேட்டிங்கை நம்பி எனக்கு இவ்வளவு குறைச்சா எப்படி?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் விதிப்புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

மாதாமாதம் நீங்கள் வெளியிடும் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கிறது. அதை அவர் போன வாரம் சம்பாதித்தாரா, நீண்ட காலத்துக்கு முன்பு சம்பாதித்தாரா என்பது கணக்கில் எங்கும் வருவதில்லை. ஓராண்டு முழுக்க ஒரு ஆட்டமும் ஆடாதவரைச் செயலற்றவர் என்று குறிக்கிறீர்கள். அவர் திரும்பி வந்து ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதும், குறி போய்விடும். எண் பழையது, ஓர் ஆட்டம் அந்த எண்ணை எவ்வளவு அசைக்கலாம் என்று தீர்மானிக்கும் கே ஃபேக்டரும் பழையது, எதிராளிகளுக்கான கணக்கும் இடைவெளியே இல்லாதது போலத்தான். நான் கேட்பது இதுதான்: ரேட்டிங்குக்குப் பக்கத்தில், அந்த ரேட்டிங்கை எவ்வளவு சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு எண்ணை வையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் கணக்கிலும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 1700 ரேட்டிங் உள்ள, மாதம் தவறாமல் போட்டிக்கு வருகிற, வேலைக்குப் போகும் ஒருவர். எதிரே 1500 ரேட்டிங் உள்ளவர், 18 மாதமாக எந்தப் போட்டியிலும் ஆடாதவர். 1500 ஜெயித்துவிடுகிறார். 200 வித்தியாசத்துக்கு உங்கள் அட்டவணைப்படி 1700-இன் எதிர்பார்ப்பு, அதாவது ஓர் ஆட்டத்தில் அவர் சராசரியாக எடுக்க வேண்டிய புள்ளி, 0.76. கே ஃபேக்டர் 20 என்பதால் அவருக்கு 15.2 புள்ளி குறைகிறது. ஜெயித்தவரும் பெரியவர் என்றால் அவருக்கு 15.2 கூடுகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் கே 40, ஆகவே 30.4.

இந்த முடிவுக்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. 1700-க்கு அன்று ஆட்டம் சரியில்லாமல் போயிருக்கலாம். அல்லது எதிரே இருந்தவர் இப்போது 1500 ஆட்டக்காரரே இல்லாமல் இருக்கலாம். 1500 போன மாதம்கூட ஆடியவர் என்றால் முதல் விளக்கத்துக்கு நல்ல இடம் உண்டு. 18 மாதம் காணாமல் போனவர் என்றால் இரண்டாவதன் பக்கம்தான் நான் சாய்வேன், நீங்களும் அப்படித்தான் சாய்வீர்கள். ஆனால் உங்கள் சூத்திரம் இரண்டு நிலைமைக்கும் ஒரே 15.2-ஐத்தான் எடுக்கிறது.

இதற்கு வழி கண்டுபிடித்து முப்பது ஆண்டு ஆகிறது. புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் 1995-இல் கிளிக்கோ முறையை வகுத்தார். அதில் ஒவ்வொருவருக்கும் ரேட்டிங்கோடு ரேட்டிங் விலகல் என்று இரண்டாவது எண் ஒன்று உண்டு, சுருக்கமாக ஆர்.டி. புதிதாக வருபவருக்கு ஆர்.டி. 350. அடிக்கடி ஆடுபவருக்கு அது 50-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். 1500 ரேட்டிங், ஆர்.டி. 50 என்றால் அவருடைய உண்மையான பலம் ஏறக்குறைய 1400-க்கும் 1600-க்கும் நடுவில் இருக்கும் என்று 95 விழுக்காடு நம்பலாம். ஆர்.டி. 200 என்றால் அந்த எல்லை 1100 முதல் 1900 வரை விரிகிறது. அதாவது அவரைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாது.

ஆடினால் ஆர்.டி. குறையும், ஆடாமல் இருந்தால் கூடும். அது கூடும் விதமும், எதிராளியின் ஆர்.டி. நம் கணக்கில் நுழையும் விதமும் இந்த இரண்டு வரிகளில் இருக்கின்றன:

```
RD   = min( sqrt(RD0^2 + c^2 * t), 350 )
g(RD) = 1 / sqrt(1 + 3 * q^2 * RD^2 / pi^2),   q = ln(10)/400
```

இதில் `RD0` என்பது கடைசியாக ஆடியபோது இருந்த ஆர்.டி., `t` என்பது ஆடாமல் போன காலம், `c` என்பது சந்தேகம் வளரும் வேகம். ஆர்.டி. 50 உள்ள ஒருவர் ஐந்து ஆண்டு ஆடாவிட்டால் புதியவரைப் போல 350-க்குப் போய்விடுவார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதக் கணக்கில் `c` ஏறக்குறைய 44.7 வரும். அந்த வேகத்தில் ஆறு மாதத்தில் ஆர்.டி. 120, ஓராண்டில் 163, 18 மாதத்தில் 196. முதல் மாதங்களில் வேகமாக ஏறி, அப்புறம் ஏற்றம் மெதுவாகிறது.

மேலே சொன்ன ஆட்டத்துக்கே இதைப் போட்டுப் பார்ப்போம். 1700-க்கு ஆர்.டி. 50. திரும்பி வந்த 1500-க்கு, 196 என்பதைத் தோராயமாக 200 என்று வைத்துக்கொள்வோம். கிளிக்கோ கணக்கில் 1700-க்குக் குறைவது 8.7. ஜெயித்தவருக்குக் கூடுவது 139. அவர் 1639 ஆகிறார், ஆர்.டி.யும் 180-க்கு இறங்குகிறது. அதே 1500 தொடர்ந்து ஆடிவந்தவராக இருந்து, ஆர்.டி. 50-ஆக இருந்திருந்தால் இருவருக்கும் மாற்றம் 10.6 மட்டுமே. திரும்பி வந்தவர் தோற்றிருந்தால் அவருக்கு 45 புள்ளி போயிருக்கும்.

இந்த எண்களைக் காட்டும்போதெல்லாம் வரும் முதல் எதிர்ப்பு: ஒருவர் இழந்தது 8.7, இன்னொருவருக்கு 139 எங்கிருந்து வந்தது? ரேட்டிங் ஒரு பையிலிருந்து எடுத்து இன்னொரு பையில் போடும் காசு அல்ல. ஒருவரின் பலத்தைப் பற்றிய மதிப்பீடு அது. 1700 ஆட்டக்காரரைப் பற்றி நமக்கு ஏற்கெனவே நிறையத் தெரியும், ஒரு தோல்வி அதைப் பெரிதாக மாற்றாது. மற்றவரைப் பற்றிக் கொஞ்சம்தான் தெரியும், அதனால் ஒரே வெற்றி நிறைய மாற்றுகிறது. அப்புறம், உங்கள் முறையிலும் கணக்கு நேர் செய்யப்படுவதில்லையே. கே 40 சிறுவன் கே 20 பெரியவரை ஜெயித்தால் இவருக்கு 30.4, அவருக்கு 15.2 தானே?

இரண்டாவது எதிர்ப்பு: ஒரே வெற்றிக்கு 139 என்பது அநியாயம், தற்செயலாக ஜெயித்திருக்கலாம். இருக்கலாம்தான். அடுத்த ஆட்டத்தைப் பாருங்கள். 1639-ஆக உட்கார்ந்து, ஆர்.டி. 50 உள்ள ஒரு 1650-இடம் தோற்றால் அவருக்கு 71 குறைந்து 1568 ஆகிறது, ஆர்.டி. 160. பெரிதாக ஏறியது பெரிதாகவே இறங்குகிறது. ஆட ஆட இந்த ஊசலாட்டம் சின்னதாகிக்கொண்டே வரும். கே ஃபேக்டரால் இதைச் செய்ய முடியாது. அது வயதையும், மொத்த ஆட்ட எண்ணிக்கையையும், 2400-ஐத் தொட்டாரா என்பதையும்தான் பார்க்கிறது, கடைசியாக எப்போது ஆடினார் என்று கேட்பதே இல்லை.

திரும்பி வந்தவருக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய எதிராளிகள்தான் முக்கியம். ஒரு போட்டியில் அவர் ஒன்பது ரவுண்டு ஆடுகிறார், ஒன்பது பேர் அவர் எதிரே உட்காருகிறார்கள். ஒன்பது பேருக்கும் அந்த மாதப் பட்டியலில் உள்ள அதே 1500-ஐ வைத்துத்தான் கணக்கு. அந்த எண் தவறு என்றால் தவறு ஒன்பது முறை வசூலிக்கப்படுகிறது. பட்டியல் மாறும் முன் அதே மாதத்தில் இன்னொரு போட்டிக்கு அவர் போனால் இன்னும் ஒன்பது பேர். கிளிக்கோவில் எதிராளியின் ஆர்.டி. கூடக் கூட `g` குறைகிறது, ஆட்டத்தின் எடையும் குறைகிறது. நம் 1700-க்கு, எதிரே இருந்த 1500-இன் ஆர்.டி. 50 என்றால் 10.6 போகும், 200 என்றால் 8.7, 350 என்றால் 6.5. ஓர் ஆட்டத்துக்கு இது பெரிய நிவாரணம் இல்லைதான். ஆனால் ஒரே போட்டியில் இப்படி மூன்று நான்கு பேரைச் சந்திக்கிறவருக்கு, அதுவும் மாதாமாதம் சந்திக்கிறவருக்கு, அது சேர்ந்துகொண்டே போகும்.

இது எவ்வளவு பெரிதாகும் என்று பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பார்த்தோம். 2020 மார்ச்சில் போட்டிகள் நின்றன. பத்து வயதுப் பிள்ளைகள் வீட்டிலேயே இணையத்தில் ஆயிரக்கணக்கான ஆட்டம் ஆடினார்கள், பயிற்சி எடுத்தார்கள், புதிர் போட்டார்கள். போட்டிகள் மறுபடி தொடங்கியபோது உங்கள் பட்டியலில் அவர்கள் விட்ட இடத்திலேயே இருந்தார்கள். எண் 1200 என்று சொல்லும், பலகையில் ஆட்டம் 1700 போல இருக்கும். பெரியவர்கள் வரிசையாக விட்டுக்கொடுத்தார்கள். அவர்களில் நல்ல ஆட்டக்காரர்கள் சிலர் கிளாசிக்கல் போட்டிக்கு வருவதையே நிறுத்திவிட்டு ரேபிடுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகள் உலகம் முழுக்க இருந்தார்கள், ஆனால் சிறுவர்கள் குவிந்து ஆடும் நம் ஊர்ப் போட்டிகளில் அடி கொஞ்சம் கூடுதல் என்பது என் கணிப்பு.

2024 மார்ச் 1 அன்று நீங்கள் ஒரு சரிசெய்தல் செய்தீர்கள். 2000-க்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும், 2000-இலிருந்து அவர் எவ்வளவு கீழே இருக்கிறாரோ அதில் பத்தில் நாலு பங்கைக் கூட்டினீர்கள். 1500 இருந்தவர் 1700 ஆனார், 1000 இருந்தவர் 1400 ஆனார். பட்டியலின் அடித்தளமும் 1000-இலிருந்து 1400-க்கு உயர்ந்தது. ஏதாவது செய்தே ஆக வேண்டிய நிலை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு உள்ளே போனது ரேட்டிங் மட்டும்தான். ஆண்டுக்கு நூறு ஆட்டம் ஆடி, பிள்ளைகளிடம் அடிவாங்கி 1700-இலிருந்து 1500-க்கு வந்தவருக்கும் 200. மூன்று ஆண்டாகப் பலகையைத் தொடாமல் 1500-இலேயே நின்றவருக்கும் 200. முதலாமவர் இழந்ததைத் திரும்பப் பெற்றார். இரண்டாமவருக்கு எதற்கு? ஆர்.டி. என்று ஒரு பத்தி உங்கள் தரவில் இருந்திருந்தால் இந்த இருவரையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். அதைவிட, சரிவே இவ்வளவு தூரம் வந்திருக்காது.

மேல்மட்டத்திலும் இந்தக் கேள்வி உண்டு, அங்கே அது வரிசை எண்ணைப் பற்றியது. 2023 செப்டம்பர் பட்டியலில் குகேஷ் 2758, ஆனந்த் 2754. முப்பத்தேழு ஆண்டுக்குப் பிறகு இந்தியாவின் முதலிடம் கைமாறியது. எங்கள் ஊரில் அன்று டீக்கடையில்கூட அதுதான் பேச்சு. இருவருமே சென்னைக்காரர்கள் என்பதால் யார் பக்கம் பேசுவது என்று வேறு குழப்பம். குகேஷ் அப்போது வருடம் முழுக்க ஆடிக்கொண்டிருந்தார். ஆனந்த் கிளாசிக்கல் ஆட்டத்துக்கு உட்காருவதே அரிதாகியிருந்தது. வெறும் கணக்குக்காக ஒருவருக்கு ஆர்.டி. 40, மற்றவருக்கு 70 என்று வைத்துப் பார்த்தால், 4 புள்ளி முன்னே இருப்பவர் உண்மையிலேயே பலசாலி என்பதற்கான வாய்ப்பு 52 விழுக்காடு. குகேஷ் பின்னாளில், 2024 டிசம்பரில், உலக சாம்பியன் ஆகிவிட்டார், அவருக்கு யார் சான்றும் தேவையில்லை. நான் சொல்வது பட்டியலைப் பற்றி. 8-ஆம் இடம், 9-ஆம் இடம் என்று அது கோடு போட்டுப் பிரித்த அந்த இடத்தில் கோடு போடும் அளவுக்குத் தகவல் இல்லை. இணைய செஸ் தளமான லீசெஸ் இதைக் கவனித்திருக்கிறது. அங்கே கிளிக்கோவின் அடுத்த பதிப்பான கிளிக்கோ-2 ஓடுகிறது. ஆர்.டி. 110-க்கு மேல் போனால் ரேட்டிங் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வந்துவிடும். வழக்கமான செஸ் ஆட்ட வகைகளில் தரவரிசையில் பெயர் வர ஆர்.டி. 75-க்குக் கீழே இருக்க வேண்டும்.

சரி, இந்த முறையை அப்படியே எடுத்துப் போட்டால் என்ன கெடும் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் சொல்வீர்கள்.

முதல் சிக்கல் பட்டங்கள். 2300-ஐ ஒரு தடவை தொட்டால் ஃபிடே மாஸ்டர். அப்புறம் இறங்கினாலும் பட்டம் போகாது. இப்போது 2230 உள்ள ஒருவர் பத்து மாதம் ஆடாமல் இருக்கிறார். மேலே வைத்த வேகத்தில் அவருடைய ஆர்.டி. 150. வந்ததும் ஆர்.டி. 50 உள்ள ஒரு 2350-ஐ ஜெயிக்கிறார். உங்கள் இப்போதைய முறையில் அவருக்கு 13.2 கூடும். கிளிக்கோவில் 73 கூடும், 2303 ஆகிவிடுவார். ஒரே வெற்றியில் பட்டம்! நான்கு ஆண்டு அலைந்தும் 2290-இல் நிற்கும் பிள்ளையின் அப்பா என்னை விட்டுவைப்பாரா? அது மட்டுமில்லை, இதைப் புரிந்துகொண்டவர்கள் வேண்டுமென்றே ஒதுங்கியிருந்து, ஆர்.டி. ஏறிய பிறகு வந்து அதிர்ஷ்டத்தைச் சோதிப்பார்கள். சராசரியில் அவர்களுக்கு லாபம் எதுவும் இல்லை, ஏறுவது போலவே இறங்கவும் செய்வார்கள். ஆனால் எல்லையை ஒரு முறை தாண்டினால் போதும் என்ற விதி இருக்கும் இடத்தில் ஊசலாட்டமே லாபம். இதற்கு மருந்து எளிது: ஆர்.டி. ஒரு வரம்புக்குக் கீழே இருக்கும்போது தொட்ட ரேட்டிங்கைத்தான் பட்டத்துக்கு எடுத்துக்கொள்வது. ரேட்டிங்கை வைத்து இடம் கொடுக்கும் எந்தப் போட்டிக்கும் இதே வரம்பைப் போடலாம். குறைந்தபட்ச ஆட்ட எண்ணிக்கை என்ற விதியைவிட இது நேர்மையானது. கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் பெற அந்த எண்ணிக்கையை நிறைக்க, சீன கிராண்ட்மாஸ்டர் டிங் லிரன் 2022-இல் சீனாவில் அவசர அவசரமாக ஏற்பாடான போட்டிகளில் ஆட வேண்டியிருந்ததை நாம் பார்த்தோம்.

இரண்டாவது சிக்கலுக்கு என்னிடம் முழு விடை இல்லை. ஆர்.டி. கூடும்போது எல்லை இரு பக்கமும் ஒரே அளவாக விரிகிறது. நிஜத்தில் அப்படி இல்லை. 11 வயதில் காணாமல் போய் 13 வயதில் திரும்பும் பிள்ளை பெரும்பாலும் மேலேதான் போயிருக்கும். 55 வயதில் இரண்டு ஆண்டு ஆடாதவர் ஏறியிருப்பதைவிடச் சற்று இறங்கியிருக்கவே வாய்ப்பு அதிகம், அதுவும் கொஞ்சம்தான். ஒரே `c`-ஐ இருவருக்கும் போட்டால் பிள்ளையைப் பற்றிய சந்தேகத்தைக் குறைத்தும் பெரியவரைப் பற்றிய சந்தேகத்தைக் கூட்டியும் மதிப்பிடுவோம். ஐந்து ஆண்டில் 350 என்று நான் மேலே வைத்ததுகூட ஒரு கிராண்ட்மாஸ்டருக்குப் பொருந்தாது. ஐந்து ஆண்டு ஆடாத 2600, முன்பின் தெரியாத புதியவர் ஆகிவிட மாட்டார். ஆக, வயதுக்கு ஏற்ப `c` மாற வேண்டும், உச்சவரம்பும் அனுபவத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும். வயதும் பழைய ஆட்டங்களும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன.

அந்த `c` எவ்வளவு என்று நானோ நீங்களோ ஊகிக்க வேண்டியதில்லை. ஒருவர் ஆறு மாதத்துக்கு மேல் ஆடாமல் இருந்து திரும்பி வந்து ஆடிய முதல் போட்டிகளை எல்லாம் உங்கள் தரவிலிருந்து எடுங்கள். இடைவெளியை ஆறு மாதம், ஓராண்டு, இரண்டு ஆண்டு, அதற்கு மேல் என்று பிரியுங்கள். வயதை 14 வரை, 18 வரை, 40 வரை, அதற்கு மேல் என்று பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் எடுக்க வேண்டியிருந்த புள்ளிகளின் கூட்டுத்தொகையையும் உண்மையில் எடுத்ததையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒத்துப்போகும் கட்டத்தில் இப்போதைய முறை சராசரியில் சரி. பிள்ளைகளின் கட்டங்களில் எடுத்தது கூடுதலாக இருந்தால், அந்தக் கூடுதல் யாருடைய ரேட்டிங்கிலிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியும். சராசரி ஒத்துப்போனாலும் ஒன்று கவனிக்க வேண்டும்: ஒருவர் மிக நன்றாகவும் இன்னொருவர் மிக மோசமாகவும் ஆடினால் கூட்டுத்தொகை சமமாகிவிடும். அதனால் போட்டிக்குப் போட்டி சிதறல் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆர்.டி. அளப்பது அந்தச் சிதறலைத்தான்.

உங்கள் இப்போதைய முறையான எலோவை ஒரே நாளில் தூக்கி எறியச் சொல்லவில்லை. 1970-இலிருந்து இருக்கும் முறை, எல்லாருக்கும் கையால் போட்டுப் பார்க்கத் தெரிந்த கணக்கு அது. கிளிக்கோவை ஆர்பிட்டர் மேசையில் கால்குலேட்டரில் போட முடியாது என்பதும் உண்மைதான், எனக்கும் அதில் சங்கடம் உண்டு. அதனால் முதல் படியாக எதையும் மாற்றாமல், ஆர்.டி.யைக் கணக்கிட்டு மாதப் பட்டியலில் தனிப் பத்தியாக வெளியிடுங்கள், ஓராண்டுக்கு. நாங்கள் பேரிங் போடும்போது, பரிசுப் பிரிவு பிரிக்கும்போது அதைப் பார்த்துக்கொள்கிறோம். 1600-க்குக் கீழே உள்ளவர்களுக்கான போட்டியில் ஆர்.டி. 200 உள்ள ஒருவர் பெயர் கொடுத்தால் அமைப்பாளர் என்ன செய்யலாம் என்று அவரே முடிவு எடுக்கட்டும். அடுத்த ஆண்டு, எதிராளியின் பக்கத்தை மட்டும் திருத்துங்கள்: ஆர்.டி. 100-க்கு மேல் உள்ள ஒருவரோடு ஆடியவருக்குக் கிடைக்கும் மாற்றத்தை `g` அளவுக்குக் குறைப்பது. 200 என்றால் அது 0.84. இது முழுக் கிளிக்கோ இல்லை, பெருக்கல் ஒன்றுதான் கூடுகிறது, கையாலும் போடலாம். திரும்பி வருபவரின் கே ஃபேக்டரை என்ன செய்வது என்பதை, மேலே சொன்ன அட்டவணை வெளியான பிறகு விவாதிக்கலாம்.

அட்டவணையை வெளியிடும்போது நாடுவாரியாகவும் பிரித்துத் தர முடிந்தால் நல்லது. இந்தியாவுக்கான பகுதியை எங்கள் பக்கத்து ஆர்பிட்டர்கள் தமிழில் விளக்கி, போட்டி அரங்கின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் ஆர்பிட்டர்